87-க்கும் 9-க்கும் இடையே: மக்கள் பிரிந்த கதையை அளக்கும் ஓர் எண்

திபெத்தில் 4,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஊர்கள் இருக்கின்றன. மக்கள் அங்கே பார்லி விளைவிக்கிறார்கள், யாக் மேய்க்கிறார்கள், பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். சமவெளியில் பிறந்தவர் அங்கே போய்த் தங்கினால் உடல் சிவப்பணுக்களைப் பெருக்கி, ஹீமோகுளோபினைக் கூட்டி அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கும். கொஞ்ச காலத்துக்கு அது கை கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இரத்தம் தடித்துப் போய், இதயத்துக்குச் சுமை கூடி, நாள்பட்ட மலைநோயில் கொண்டுபோய் விடும். திபெத்தியர்களுக்கோ அவ்வளவு உயரத்திலும் ஹீமோகுளோபின் பெரும்பாலும் சமவெளி மக்களின் அளவிலேயே இருக்கிறது. அவர்கள் உடல் வேறு ஏதோ ஒரு வழியைக் கண்டுகொண்டிருக்கிறது.

அந்த வழி எந்த மரபணுவில் இருக்கிறது? மனிதரிடம் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உண்டு. இன்னதுதான் என்று முன்கூட்டியே ஊகித்துத் தேடாமல், எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க முடியுமா? சீன, அமெரிக்க, டென்மார்க் ஆய்வாளர்கள் அடங்கிய குழு ஒன்று 2010-இல் அதைத்தான் செய்தது. உயரமான ஊர்களைச் சேர்ந்த 50 திபெத்தியர்களின் மரபணுக்களையும், பெய்ஜிங்கைச் சேர்ந்த 40 ஹான் சீனர்களின் மரபணுக்களையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டது. இந்த இரு மக்களும் உறவில் நெருங்கியவர்கள். ஒரு கூட்டம் மலையிலும் மற்றது சமவெளியிலும் வாழ்கிறது. ஆக, மலை எதையாவது மாற்றியிருந்தால் அது இந்த ஒப்பீட்டில் தெரிந்தாக வேண்டும்.

தெரிந்தது. இ.பி.ஏ.எஸ்.1 என்ற மரபணுவில் ஓரிடத்தில், ஒரு குறிப்பிட்ட எழுத்து திபெத்தியர்களிடம் 87 சதவீதமும் ஹான் மக்களிடம் 9 சதவீதமுமாக இருந்தது. இந்த மரபணு, உடலில் ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு உற்பத்தியை முடுக்கிவிடும் ஏற்பாட்டில் ஒரு பகுதி.

மரபணுவில் ஓரிடத்தில் இரண்டு வகை எழுத்துகள் வரக்கூடும் என்றால், அந்த ஒவ்வொரு வகையையும் அல்லீல் என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த இடம் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று அம்மாவிடமிருந்தும் மற்றது அப்பாவிடமிருந்தும் வந்தது. 50 பேர் என்றால் 100 பிரதிகள். அந்த 100-இல் 87 பிரதிகள் ஒரே அல்லீலைக் கொண்டிருந்தால், அதன் அலைவெண் 0.87. இவ்வளவுதான் கச்சாப் பொருள். இதிலிருந்து 'இந்த இரு கூட்டமும் எவ்வளவு வேறுபட்டவை' என்ற கேள்விக்கு விடை சொல்லும் எண்தான் நிலைப்பாட்டுக் குறியீடு. ஆய்வாளர்கள் பேச்சில் அது எஃப்எஸ்டி.

87-இலிருந்து 9-ஐக் கழித்து 78 என்று சொல்லிவிட்டால் போதாதா? போதாது. கழித்தல் எல்லா வேறுபாட்டையும் ஒரே மாதிரி நடத்துகிறது. ஓரிடத்தில் ஒரு கூட்டத்தில் 50 சதவீதம், மற்றதில் 60 சதவீதம். இன்னோர் இடத்தில் ஒன்றில் பூஜ்யம், மற்றதில் 10 சதவீதம். இரண்டிலும் வேறுபாடு 10 தான். ஆனால் 50-ஐ ஒட்டி இருக்கும் அலைவெண் தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாகவே அதிகம் ஆடும். யாருக்கு எத்தனை பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு எந்தப் பிரதி போய்ச் சேர்ந்தது என்ற குலுக்கலிலேயே அது மேலும் கீழும் போய்விடும். பூஜ்யத்தை ஒட்டி இருப்பது அவ்வளவு ஆடாது. எனவே இரண்டாவது வேறுபாடே கனமானது. எஃப்எஸ்டி கணக்கில் முதலாவதுக்கு 0.01-ம் இரண்டாவதுக்கு 0.05-ம் வருகிறது, ஐந்து மடங்கு.

இந்தக் கணக்கின் வேர் சீவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளரிடம் இருக்கிறது. 1915 முதல் பத்தாண்டு காலம் அமெரிக்க வேளாண் துறையில் அவர் கினிப் பன்றிகளை வைத்து உட்கலப்பை ஆராய்ந்தார். ஒரே குடும்பத்துக்குள் தலைமுறை தலைமுறையாக இணைசேர்க்கும்போது, இரண்டு பிரதிகளும் வேறு வேறாக உள்ள குட்டிகள் குறைந்துகொண்டே வருவதை எண்ணால் எப்படிச் சொல்வது என்பதே அவருடைய ஆரம்பக் கேள்வி. பின்னாளில் அதே சிந்தனையைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து வாழும் உயிர்களுக்கும் நீட்டினார். குடும்பத்துக்குள் மட்டுமே மணம் முடிப்பதும், மலைக்கு இந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்துக்குள் மட்டுமே மணம் முடிப்பதும் கணக்கின் கண்ணுக்கு ஒரே வகை நிகழ்வுகள். பிரான்சில் குஸ்தாவ் மலேக்கோவும் இதே பாதையில் நடந்தார்.

திபெத்தியர், ஹான் எண்களையே எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக் கணிதத்துக்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

ஒரு கூட்டத்துக்குள் மணம் கண்டபடி நடக்கிறது, அதாவது இந்த அல்லீலைப் பார்த்து யாரும் துணை தேடவில்லை என்று கொள்வோம். அப்போது இரண்டு பிரதியும் வேறு வேறாக அமைந்தவர்கள், சுருக்கமாகக் கலப்பு இணை உள்ளவர்கள், எத்தனை பங்கு இருப்பார்கள்? அல்லீலின் அலைவெண் p என்றால் விடை 2p(1−p). திபெத்தியருக்கு 2 × 0.87 × 0.13 = 0.2262. ஹான் மக்களுக்கு 2 × 0.09 × 0.91 = 0.1638. இரண்டின் சராசரி 0.195. இதை HS என்று குறிப்பார்கள்.

அடுத்து, இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்து, யாரும் யாரையும் மணக்கலாம் என்ற நிலையைக் கற்பனை செய்யுங்கள். சராசரி அலைவெண் 0.48. கலப்பு இணையின் எதிர்பார்ப்பு 2 × 0.48 × 0.52 = 0.4992. இது HT. கலந்திருந்தால் பாதிப்பேர் கலப்பு இணை உள்ளவர்களாக இருந்திருப்பார்கள். பிரிந்து வாழ்வதால் ஐந்தில் ஒருவர்தான் அப்படி. காணாமல் போன பங்கு எவ்வளவு?

FST = (HT − HS) / HT = (0.4992 − 0.195) / 0.4992 = 0.61

அலைவெண் இரு கூட்டத்திலும் ஒன்றாக இருந்தால் HT-யும் HS-ம் ஒன்றாகிவிடும், விடை பூஜ்யம். ஒரு கூட்டம் முழுக்க ஓர் அல்லீலும் மற்றது முழுக்க மற்ற அல்லீலுமாக நிலைபெற்றுவிட்டால் எந்தக் கூட்டத்துக்குள்ளும் கலப்பு இணையே இராது, விடை 1. இ.பி.ஏ.எஸ்.1-இல் கிடைத்த 0.61 இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே, 1-இன் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

ஆனால் 0.61 என்பது தனியாக ஒன்றையும் நிரூபிப்பதில்லை. எஃப்எஸ்டி பற்றி ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்துவதென்றால் அது இதுதான். அந்த எண்ணுக்குப் பொருள் கொடுப்பது மரபுத்தொகுதியின் மற்ற இடங்கள். இரண்டு கூட்டங்கள் பிரிந்து, ஒவ்வொன்றும் சிறியதாகி, பல நூறு தலைமுறைகள் ஓடிவிட்டால் தற்செயல் ஆட்டம் மட்டுமே எந்த அல்லீலையும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தும். இதற்கு மரபியல் நகர்வு என்று பெயர். அப்படிப்பட்ட கூட்டங்களில் 0.61 ஒரு வியப்பே அல்ல.

நகர்வுக்கு ஒரு குணம் உண்டு. அது இந்த மரபணு, அந்த மரபணு என்று பார்ப்பதில்லை. மக்கள்தொகை சுருங்கினாலும் கூட்டம் பிரிந்தாலும் அதன் தாக்கம் மரபுத்தொகுதி முழுக்க ஒரே அளவு எதிர்பார்ப்போடு விழும். இயற்கைத் தேர்வு அப்படியல்ல. பயன்தரும் அல்லீல் இருக்கும் இடத்தை மட்டுமே அது இழுக்கும். எனவே எல்லா இடங்களின் எஃப்எஸ்டி அளவைப் பின்னணியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து மிகவும் விலகித் தலைதூக்கி நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். அந்தத் திபெத்திய ஆய்வில் பின்னணி 0.026. இரு மக்களும் மொத்தத்தில் அவ்வளவு நெருங்கியவர்கள். இந்த மட்டத்துக்கு மேலே ஒரு மரபணு மட்டும் 0.61-இல் நிற்கிறது என்றால், அதைத் தற்செயல் ஆட்டத்தின் கணக்கில் எழுதுவது கடினம்.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. எஃப்எஸ்டி இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்கிறதே தவிர, யார் நகர்ந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. மாறியவர்கள் திபெத்தியர்களா, ஹான் மக்களா? இதற்காகவே ஆய்வுக்குழு மூன்றாவதாக ஒரு கூட்டத்தைச் சேர்த்தது. 200 டென்மார்க் மக்கள். இவர்கள் இருவருக்கும் தூரத்து உறவு; நடுநிலைச் சாட்சி.

கணக்கு இப்படிப் போகும். முதலில் ஒவ்வொரு எஃப்எஸ்டி அளவையும் −ln(1 − FST) என்று மாற்றிக்கொள்வார்கள். அப்போதுதான் தூரங்களைக் கூட்டவும் கழிக்கவும் முடியும். 0.61 என்பது 0.94 ஆகும். டென்மார்க்–திபெத் தூரம் 1.0 என்றும், டென்மார்க்–ஹான் தூரம் 0.1 என்றும் ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். திபெத்தியரின் பங்கு, அவர்களைத் தொடும் இரண்டு தூரங்களைக் கூட்டி, தொடாத தூரத்தைக் கழித்து, பாதியாக்கினால் வரும்: (0.94 + 1.0 − 0.1) / 2 = 0.92. ஹான் மக்களுக்கு அதே கணக்கு 0.02 தருகிறது. பயணம் கிட்டத்தட்ட முழுவதும் திபெத்துப் பக்கம். உண்மையான தரவிலும் மிக நீண்ட கிளை இ.பி.ஏ.எஸ்.1-இல் திபெத்தியர்களுக்கே விழுந்தது. அந்த அல்லீலைக் கொண்ட திபெத்தியர்களுக்குச் சிவப்பணுவும் ஹீமோகுளோபினும் ஒப்பீட்டில் குறைவாக இருப்பதையும் ஆய்வு காட்டியது. ஆக, அது எண் விளையாட்டாக நின்றுவிடாமல் இரத்தத்தோடு வந்து பொருந்தியது. அதே ஆண்டு வேறு ஆய்வுக்குழுக்களும் தனித்தனியாக இதே மரபணுவுக்கு வந்து சேர்ந்தன.

இவ்வளவு சுத்தமாக எல்லாத் தரவும் நடந்துகொள்வதில்லை. எஃப்எஸ்டி போட்டவர்கள் ஏமாந்துபோகும் இடங்களில் முதலாவது, குறைந்த ஆட்கள்.

ஒரே ஊரிலிருந்து பத்துப் பத்துப் பேராக இரண்டு குழுக்களை எடுங்கள். அவர்களுக்கு இடையே உண்மையான வேறுபாடு பூஜ்யம். ஆனால் ஒரு குழுவுக்கு 20 பிரதிகள்தான் கையில் இருக்கின்றன. தற்செயலாகவே ஒன்றில் 8-ம் மற்றதில் 11-ம் வரும். மேலே போட்ட எளிய சூத்திரத்தை அப்படியே ஓட்டினால் பல இடங்களின் விடை சராசரியாக 0.025 அளவில் நிற்கும். திபெத்தியருக்கும் ஹான் மக்களுக்கும் இடையே மரபுத்தொகுதி முழுக்கக் கண்ட 0.026-ஐ நினைத்துப் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்களை இரண்டாகப் பிரித்ததே இரண்டு தனி மக்களுக்கு ஈடான 'வேறுபாட்டை' உண்டாக்கிவிட்டது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது.

இதற்கு மருந்து உண்டு. மாதிரி சிறிதாக இருப்பதால் மட்டுமே வரும் வேறுபாடு எவ்வளவு இருக்கும் என்பதைக் கணக்கிட்டுக் கழித்துவிடும் சூத்திரங்களை 1980-கள் தொடங்கிப் பலர் உருவாக்கியிருக்கிறார்கள். 1984-இல் வெயர், காக்கர்ஹாம் இருவரும் தந்தது மிகப் பரவலானது. கழித்த பிறகு சில இடங்களில் விடை பூஜ்யத்துக்குக் கீழே, −0.01 என்பது போலவும் போகும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைப் பிழை என்று எண்ணி அழித்துவிடுவார்கள். அழிக்கக் கூடாது. மேலே தப்பியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கீழே தப்பியவற்றை நீக்கினால் சராசரி மறுபடி உப்பிவிடும். இன்னொரு சோதனை இன்னும் எளிது: எல்லோரையும் ஒன்றாகக் கலந்து, யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல மாற்றி மாற்றிப் போட்டு, ஆயிரம் முறை எஃப்எஸ்டி கணக்கிட வேண்டும். உண்மையான பிரிவினை தரும் எண் அந்த ஆயிரத்துக்குள் சாதாரணமாகவே வந்துபோகிறது என்றால், அங்கே பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது பள்ளம் ஆய்வகத்தில் இருக்கிறது. மரபிழைக்கு இரண்டு புரிகள். ஒரு புரியில் ஏ இருந்தால் எதிர்ப்புரியில் டி இருக்கும். ஒரு குழுவின் தரவை ஒரு புரியிலிருந்தும் மற்றக் குழுவின் தரவை எதிர்ப்புரியிலிருந்தும் படித்துவிட்டால், ஏ–டி என்ற இரண்டு வகை உள்ள இடங்களில் அல்லீல்கள் தலைகீழாகிவிடும். இரு குழுவிலும் உண்மையில் 0.9 ஆக இருப்பது, ஒன்றில் 0.9 என்றும் மற்றதில் 0.1 என்றும் தோன்றும். எஃப்எஸ்டி 0.64. இ.பி.ஏ.எஸ்.1-ஐ விடவும் பெரிய 'கண்டுபிடிப்பு', வெறும் படிப்புக் குழப்பத்தால்.

உண்மையையும் குழப்பத்தையும் பிரித்துக் காட்டுவது அக்கம்பக்கம். இயற்கைத் தேர்வு ஓர் அல்லீலை விரைவாக மேலே தூக்கும்போது, அதே குரோமோசோம் துண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அல்லீல்களும் அதோடு சேர்ந்து மேலே வரும். அவற்றைப் பிரித்து மாற்றிக் கோக்கப் போதிய தலைமுறைகள் ஓடியிருக்காது. எனவே எஃப்எஸ்டி அளவைக் குரோமோசோம் நெடுகப் படமாகப் போட்டால், தேர்வு நடந்த இடம் தோளும் சரிவும் உள்ள மலையாகத் தெரியும். சுற்றிலும் தரை சமமாக இருக்க, ஒற்றை ஊசியாக நிமிரும் புள்ளியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இ.பி.ஏ.எஸ்.1-இல் வேறுபாடு உச்சத்தில் இருக்கும் துண்டு மட்டும் 32,000 எழுத்துகளுக்கு மேல் நீள்கிறது.

அந்தத் துண்டுக்கு ஒரு பின்கதை உண்டு. எஃப்எஸ்டி அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 2014-இல் ஆய்வாளர்கள் அந்தப் பகுதியை மேலும் நுணுக்கமாகப் படித்து, மற்ற மனிதர்களின் வரிசைகளோடு ஒப்பிட்டார்கள். அடுத்தடுத்து வரும் அல்லீல்களின் அந்தக் கோவை இன்றைய மற்ற மக்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அது பொருந்தியது சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த விரல் எலும்பிலிருந்து படிக்கப்பட்ட மரபுத்தொகுதியோடு. டெனிசோவன்கள் எனப்படும், இன்று அற்றுப்போன மனித இனத்தவரோடு திபெத்தியர்களின் முன்னோர் எப்போதோ கலந்ததில் வந்த துண்டு அது. கலப்பு நடந்தபோது அது ஏதோ ஓர் அரிய அல்லீலாகத்தான் இருந்திருக்கும். மலைக்கு ஏறிய பிறகே அதற்கு மதிப்பு வந்தது. அலைவெண் எவ்வளவு மாறியது என்பதற்கு எஃப்எஸ்டி சாட்சி. அல்லீல் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

மூன்றாவது பள்ளத்தில் கைதேர்ந்தவர்களே விழுந்திருக்கிறார்கள். ஐரோப்பியருக்கும் கிழக்காசியருக்கும் இடையிலான எஃப்எஸ்டி எவ்வளவு? ஹாப்மேப் என்ற பன்னாட்டுத் திட்டத்தின் தரவிலிருந்து வந்த விடை ஏறத்தாழ 0.11. பின்னர் வந்த '1000 மரபுத்தொகுதிகள்' திட்டம் வெளியிட்ட எண் 0.052. மக்கள் அதே மக்கள். எண் மட்டும் பாதியாகிவிட்டது.

கௌரவ் பாட்டியாவும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் இதை அவிழ்த்தார்கள். பழைய திட்டம், பரவலாகக் காணப்படும் வேறுபாடுகள் உள்ள இடங்களை மட்டும் தேர்ந்து பார்த்தது. புதிய திட்டம் முழு வரிசையையும் படித்ததால், நூற்றில் ஒருவரிடம் மட்டுமே இருக்கும் அரிய அல்லீல்களும் ஏராளமாக உள்ளே வந்தன. அரிய அல்லீல்களுக்கு எஃப்எஸ்டி இயல்பாகவே சிறியது. ஒரு கூட்டத்தில் 5 சதவீதமும் மற்றதில் பூஜ்யமும் என்றால் விடை 0.026 தான், அந்த அல்லீல் ஒரே கூட்டத்துக்கு மட்டுமே உரியது என்றாலும் அவ்வளவுதான். ஆனால் முக்கியமான காரணம் அரிய அல்லீல்கள் இருந்ததல்ல. அவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்த முறைதான்.

இரண்டே இடங்களை வைத்து இதைப் பார்க்கலாம். முதல் இடத்தில் அலைவெண்கள் 0.3, 0.7; HT 0.5, HT − HS 0.08, எஃப்எஸ்டி 0.16. இரண்டாவது இடம் மேலே சொன்ன அரிய அல்லீல், HT 0.04875, HT − HS 0.00125, எஃப்எஸ்டி 0.026. இரண்டு எஃப்எஸ்டி அளவுகளின் சராசரி 0.093. அப்படிச் செய்யாமல் மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வகுத்தால் 0.08125 / 0.54875 = 0.148. முதல் முறையில், வேறுபாடே அதிகம் இல்லாத அரிய இடத்துக்கும் பெரிய இடத்துக்கும் ஒரே வாக்கு. இரண்டாவதில் ஒவ்வோர் இடத்துக்கும் அதனதன் எடை. லட்சக்கணக்கான அரிய இடங்கள் சேரும்போது முதல் முறை விடையைத் தரைக்கு இழுத்துவிடும். பாட்டியா குழு கூட்டி வகுக்கும் முறையில் இரண்டு தரவையும் மறுபடி கணக்கிட்டபோது எண்கள் பெரிதும் ஒத்துப்போயின; ஐரோப்பிய–கிழக்காசிய விடை 0.106 ஆயிற்று.

சூத்திரத்தின் வடிவமும் விடையை மாற்றும். 0.87, 0.09 என்ற அதே இரண்டு எண்களை, பாட்டியா குழு பரிந்துரைத்த ஹட்சன் முறையில் போட்டால் 0.61-க்குப் பதில் 0.76 வருகிறது. இரண்டும் பிழையல்ல, 'மொத்தம்' என்பதற்கு எதை வைத்துக்கொள்கிறோம் என்பதில் வேறுபாடு. எந்த முறையில் பார்த்தாலும் இ.பி.ஏ.எஸ்.1 பின்னணிக்கு வெகு உயரத்தில் நிற்கும். ஆனால் ஒரு கட்டுரையின் 0.61-ஐ இன்னொரு கட்டுரையின் 0.76-க்கு அருகில் வைத்து எது பெரிது என்று பேசினால், அந்தப் பேச்சு சூத்திரங்களைப் பற்றியதாகிவிடும். மக்களைப் பற்றியதாக இராது.

இந்த எண் பொதுவெளிக்கு வரும்போது நேரும் ஒரு தவறான வாசிப்பு வருத்தம் தருவது. 0.11 என்றால் 'அவர்கள் மரபணுவில் 11 சதவீதம் நம்மிடமிருந்து வேறு' என்று படிக்கிறார்கள். மனிதருக்கு மனிதர் வேறுபடும் இடங்களே மரபுத்தொகுதியில் சிறு பங்குதான். அந்த வேறுபாடுகளில் எவ்வளவு பங்கு கூட்டங்களுக்கு இடையே விழுகிறது, எவ்வளவு கூட்டங்களுக்கு உள்ளேயே இருக்கிறது என்பதைத்தான் எஃப்எஸ்டி சொல்கிறது. 0.11 என்றால் மீதிப் பெரும்பங்கு ஒரே கூட்டத்துக்குள், ஒரே தெருக்காரர்களுக்குள் இருக்கிறது. ரிச்சர்ட் லெவாண்டின் 1972-இல் இரத்தப் புரதங்களையும் இரத்த வகைகளையும் வைத்து இதே கணக்கை உலக அளவில் போட்டபோது, வேறுபாட்டில் 85 சதவீதம் கூட்டங்களுக்கு உள்ளேயே இருப்பதைக் கண்டார்.

திபெத்தின் கதையில் பின்னணியை மீறிய ஒற்றை மரபணுதான் செய்தி. இந்தியாவின் கதையில் பின்னணியே செய்தி. ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் பிறரும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 25 இந்தியக் கூட்டங்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்தது. இந்தியக் கூட்டங்களுக்கு இடையிலான அல்லீல் வேறுபாடு ஐரோப்பியக் கூட்டங்களுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. ஐரோப்பாவில் ஒரு கூட்டத்தையும் இன்னொன்றையும் பிரிப்பது பெரும்பாலும் தூரம். இங்கே ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்பவர்களுக்கு இடையேயும் அந்த அளவு இடைவெளி.

இதை உண்டாக்கியது மலையோ குளிரோ அல்ல. சிறு எண்ணிக்கையிலான முன்னோரிடமிருந்து கிளைத்த சாதிகள், பிறகு வெகு காலம் தங்களுக்குள்ளேயே மணம் முடித்ததால், தற்செயல் ஆட்டம் ஒவ்வொன்றிலும் வேறு வேறு அல்லீல்களை மேலே கொண்டுவந்துவிட்டது. ரைட் கினிப் பன்றிக் குடும்பங்களில் கண்ட அதே நிகழ்வு. அப்படி மேலே வந்தவற்றில் நோய் அல்லீல்களும் அடக்கம். ஆந்திரத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வாழும் வைசியர் சமூகத்தில், பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி குறைவுபடும் நிலை மற்றவர்களைவிட மிக அதிகம். அந்தக் குறை உள்ளவருக்கு அன்றாடத்தில் ஒன்றும் தெரியாது. அறுவை சிகிச்சைக்காக சக்ஸினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தைக் கொடுத்தால், சில நிமிடங்களில் தெளிய வேண்டியவருக்கு நீண்ட நேரம் தானாக மூச்சுவிட முடியாமல் போய்விடும்.

இரண்டு கூட்டங்களுக்கு இடையே எஃப்எஸ்டி அதிகம் என்பது மட்டும், இப்படிப்பட்ட ஆபத்து எந்தக் கூட்டத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டாது. அதற்காக அதே ஆய்வாளர்கள் 2017-இல் வேறோர் அளவைக் கையில் எடுத்தார்கள்: ஒரே சமூகத்தைச் சேர்ந்த இருவர், பொது முன்னோரிடமிருந்து பெற்று உடையாமல் வைத்திருக்கும் நீண்ட குரோமோசோம் துண்டுகளின் அளவு. தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட கூட்டங்களை அப்படி அளந்தபோது, 81 கூட்டங்களில் அந்த அளவு, பரம்பரை நோய்களுக்காகப் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் ஃபின்லாந்து மக்களிலும் அஷ்கெனாசி யூதர்களிலும் காண்பதைவிட அதிகமாக இருந்தது. அவற்றில் 14 கூட்டங்களின் இன்றைய மக்கள்தொகை தலா பத்து லட்சத்தைத் தாண்டும்.